தெளிந்துபோன பாட்டில் தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எங்கள் லேபில் எல்லாருக்கும் தெரியும். "மேடம் இன்னிக்கு எப்படிங்க?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். ஆனால் அந்த வாரம் வந்த கோபம் வேறு மாதிரி. அது இன்னும் முழுசாக அடங்கவில்லை. இதை எழுதும்போதுகூட பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன்.

கோவைக்கு வெளியே, அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஃபவுண்டரி. பம்புக்கும் வால்வுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வார்ப்பு செய்கிறோம். வார்த்து எடுத்த உருப்படி கருகருவென்று இருக்கும். அதை நைட்ரிக் ஆசிட்டும் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டும் கலந்த தொட்டியில் முக்கி எடுத்தால்தான் பளபளப்பு வரும். முக்கிய பிறகு தண்ணீரில் அலச வேண்டும். அந்த அலசின தண்ணீரில் நிக்கல் இருக்கும், குரோமியம் இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலே ஃபுளோரைடு இருக்கும். அப்படியே வெளியே விட்டால் பாவம் சும்மா விடாது. அதனால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று பின்பக்கம் இருக்கிறது. நாங்கள் ஈ.டி.பி. என்போம்.

அந்த ஈ.டி.பி.யை ஓட்டுகிறவர் ஐம்பத்தாறு வயதுக்காரர். தாராபுரம் பக்கத்து ஊர். அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. இவர் பஸ் ஏறி வந்து இங்கே ஹெல்பராகச் சேர்ந்து, பதினைந்து வருஷமாக இந்தத் தொட்டிகளோடு இருக்கிறார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை.

அவர் வேலை பார்க்கிற விதம் எனக்குப் பிடிக்கும். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவார், கலக்குவார், அமிலமா காரமா என்று காட்டும் பிஹெச் பேப்பரை நனைத்துப் பார்ப்பார். எட்டரை ஒன்பது வந்ததும் நிறுத்துவார். ஃபுளோரைடு சுண்ணாம்பிலிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடு ஆகி, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்காரும். நிக்கலும் குரோமியமும் அதே சுண்ணாம்பில் மாட்டிக்கொண்டு கீழே போகும். மேலே நிற்கிற தண்ணீர் மணல் ஃபில்டர் வழியாக வந்து கடைசிக் குழாயில் விழும். இத்தனையையும் ஒரு நீள நோட்டில், லாக் புக் என்பார்கள், நாள் தவறாமல் எழுதி வைப்பார். அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் ஆபரேட்டர், லேப், மேனேஜர் என்று மூன்று கையெழுத்து வேண்டும். இது எங்கள் கம்பெனி வழக்கம்.

மாதம் ஒரு தடவை கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து லேபில் சோதிப்பது என் வேலை. பாட்டிலை நான் தயார் செய்து கொடுப்பேன், அண்ணா பிடித்துக்கொண்டு வருவார். அந்த மாதம் வந்த ரிசல்ட்டில் ஃபுளோரைடு, அனுமதித்த அளவுக்கு மேலே எங்கேயோ நின்றது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஃபுளோரைடு அளக்கிற எலெக்ட்ரோடைக் கழுவி மீண்டும் பார்த்தேன். அதே ரீடிங். ரிப்போர்ட் எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணா வேலைக்கு வரவில்லை.

எங்கள் பிளான்ட் மேனேஜருக்கு முப்பத்திரண்டு வயது. முதலாளிக்குச் சொந்தம். நல்ல படிப்பு, நல்ல சட்டை. கொங்கு நாட்டில் கோழியை விரட்டும்போதுகூட ஒரு 'ங்க' போட்டுத்தான் விரட்டுவோம் என்று கேலி செய்வார்கள். இவரும் அப்படித்தான், எனக்கு 'ங்க', டிரைவருக்கு 'ங்க', டீ கொண்டு வருகிற அம்மாவுக்கு 'ங்க'. ஆனால் தன் அப்பா வயசுள்ள ஈ.டி.பி. ஆபரேட்டருக்கு மட்டும் 'நீ', 'வா', 'போ'. இவர் மேனேஜராக வந்த நாளிலிருந்து அந்த மனிதர் இதைக் காதில் வாங்காத மாதிரி இருந்திருக்கிறார். நான் வாங்கியிருக்கிறேன். வாங்கி, வாயை மூடிக்கொண்டும் இருந்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேனேஜர் ரூமுக்குப் போய்க் கேட்டேன்.

"அவனை வரவேண்டாம்னு சொல்லிட்டனுங்க மேடம். நீங்க குடுத்த ரிப்போர்ட்டுதானுங்க. சுண்ணாம்பு போடாம படுத்துத் தூங்கிருக்கான்."

"தூங்குனதை யாருங்க பாத்தாங்க?"

"பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? ஃபுளோரைடு ஏறிருக்குதில்லீங்க. சுண்ணாம்பு போட்டிருந்தா ஏறுமா? நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

மேஜை மேல் ஒரு கடிதம் இருந்தது. கம்ப்யூட்டரில் அடித்தது. சுண்ணாம்பு போடாமல் வேலை நேரத்தில் தூங்கிவிட்டேன், என் தவறை ஒப்புக்கொள்கிறேன், மன்னிக்கவும் என்று இருந்தது. கீழே அண்ணாவின் கையெழுத்து, எழுத்துக்கூட்டிப் போட்டது. திங்கட்கிழமை சாயங்காலமே அவரைக் கூப்பிட்டு, இப்படி எழுதிக் கொடுத்தால் விசாரித்துவிட்டு வேலைக்குக் கூப்பிடுகிறோம், இல்லாவிட்டால் போலீஸ், பொல்யூஷன் போர்டு என்று போகும் என்றிருக்கிறார்கள். அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கும்வரை அவர் இங்கே நிலைக்கவும் முடியாது, வேறு கம்பெனி எதுவும் சேர்க்கவும் சேர்க்காது. அவருடைய லாக் புக்கையும் எடுத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஆதாரமாம்!

"அந்த நோட்டைத் திறந்து பாத்தீங்களா?" என்றேன்.

"அதுல என்னங்க இருக்கப் போகுது, அவன் எழுதறது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கையில் ஒன்றும் இல்லையே! ரிப்போர்ட் என்னுடையது. ரீடிங் நான் எடுத்தது. எதை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். அன்று முழுக்க யாரும் என் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

வியாழக்கிழமை நிக்கல், குரோமியம் ரிசல்ட் வந்தது. அந்தச் சோதனைக்கு வேறு மெஷின், இரண்டு நாள் தள்ளித்தான் வரும். பார்த்தேன். இரண்டுமே அளவுக்குள் இருந்தன.

உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். சுண்ணாம்பு போடாவிட்டால் தண்ணீர் ஆசிட்டாகவே நிற்கும். அப்போது நிக்கல் எப்படி இறங்கும்? நிக்கலைக் கீழே தள்ளுவதும் அதே சுண்ணாம்புதானே! நிக்கல் இறங்கியிருக்கிறது என்றால் சுண்ணாம்பு போட்டிருக்கிறார். ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். அப்படியானால் ஃபுளோரைடு எங்கிருந்து வந்தது?

மிச்சம் வைத்திருந்த சாம்பிள் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்பக்கம் போய்க் கடைசிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்தேன். அரிசி கழுவின கடைசித் தண்ணீர் மாதிரி லேசான வெண்மை. ஒரே குழாய்த் தண்ணீர், பாட்டிலில் மட்டும் எப்படி இத்தனை தெளிவு? பிஹெச் பேப்பரை எடுத்து டம்ளரில் நனைத்தேன், எட்டு. பாட்டிலில் நனைத்தேன். பேப்பர் ரத்தச் சிவப்பாக மாறியது. பிஹெச் இரண்டைவிடக் குறைவு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டிலில் ஆசிட் ஊற்றியது யார்? நான்தான்.

சொல்கிறேன். நிக்கல், குரோமியம் சோதிக்கிற தண்ணீரில் நைட்ரிக் ஆசிட் கொஞ்சம் விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். ஃபுளோரைடுக்கு ஆசிட் விடக்கூடாது, வெறும் பிளாஸ்டிக் பாட்டில்தான். எப்போதும் இரண்டு பாட்டில் கொடுப்பேன். அந்த மாதம் பாட்டில் தீர்ந்து போயிருந்தது. வாங்கச் சொல்லி எழுதினால் "அடுத்த மாசம் பாக்கலாமுங்க" என்றார்கள். நான் என்ன செய்தேன்? சரி, ஒரே பாட்டிலில் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசிட் விட்ட பாட்டிலை மட்டும் அண்ணாவிடம் கொடுத்துவிட்டேன். இருபது வருஷ அனுபவமாம் எனக்கு! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

கால்சியம் ஃபுளோரைடு தண்ணீரில் அவ்வளவு லேசில் கரையாது. துளியூண்டு கரைந்து கொஞ்சம் கால்சியத்தையும் கொஞ்சம் ஃபுளோரைடையும் விடும், அத்தோடு நின்றுவிடும். தண்ணீரின் பிஹெச் எட்டில் இருந்தாலும் ஏழில் இருந்தாலும் அதற்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆசிட் பட்டு அது மூன்றுக்குக் கீழே இறங்கினால் கதை மாறும். ஹைட்ரோஃபுளோரிக் பேர்தான் பயங்கரம், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். ஆனாலும் ரசாயனக் கணக்கில் அது பலவீனமான அமிலம். அதாவது அதன் ஃபுளோரைடு, தண்ணீரில் ஹைட்ரஜன் அயனி நிறையக் கிடைத்தால் பிடித்துக்கொண்டு விடாது. அப்படிக் கரைந்து வந்த ஃபுளோரைடையெல்லாம் ஆசிட் பிடித்து வைத்துக்கொண்டால், தண்ணீரில் தனி ஃபுளோரைடு குறையும். குறைந்த இடத்தை நிரப்ப உப்பு இன்னும் கரையும். அதையும் ஆசிட் பிடித்துக்கொள்ளும். இப்படியே பொடியெல்லாம் கரைந்து தீரும். எல்லா உப்பும் இப்படிச் செய்யாது. நாங்கள் குளோரைடு பார்க்கும்போது சில்வர் குளோரைடு வெள்ளையாகத் திரியும், அதில் நைட்ரிக் ஆசிட் விட்டாலும் அசையாது. குளோரைடு பலமான அமிலத்தின் பிள்ளை, ஹைட்ரஜனைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆக, குழாயில் வந்த தண்ணீரில் கரையாமல் மிதந்த வெள்ளைப் பொடியை என் பாட்டில் கரைத்துவிட்டது. பிறகு ரீடிங் எடுக்கும்போது பஃபர் என்ற கரைசலை ஊற்றி பிஹெச்சை ஐந்துக்கு மேலே கொண்டு வருவேன். ஆசிட் பிடித்து வைத்திருந்த ஃபுளோரைடை அது விடுவித்துவிடும், எலெக்ட்ரோடு ஒன்றுவிடாமல் எண்ணிவிடும். தண்ணீரில் கரைந்திருந்தது வேறு, நான் கரைத்தது வேறு. இரண்டையும் சேர்த்து எண்ணி, ஒரு மனிதன் தூங்கிவிட்டான் என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பொடி கடைசிக் குழாய் வரை வந்திருக்கவே கூடாது. கால்சியம் ஃபுளோரைடு மாவு மாதிரி நைசாக விழும், சரியாக உட்காராது. அதைப் பிடிக்கத்தான் மணல் ஃபில்டர். அது பிடிக்கவில்லை என்றால் மணல் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்.

அன்று சாயங்காலமே குழாயில் இரண்டு புது பாட்டில் பிடித்தேன். பாட்டில் எங்கிருந்தா? கேன்டீனில் எண்ணெய் வாங்குகிற ஆளை அனுப்பிக் கடையில் வாங்கினேன், யாரையும் கேட்கவில்லை. ஒன்றில் ஆசிட் விட்டேன், ஒன்றில் விடவில்லை. மறுநாள் காலை இரண்டையும் வடிகட்டி ரீடிங் எடுத்தேன். ஆசிட் விடாததில் ஃபுளோரைடு அளவுக்குள். ஆசிட் விட்டதில் திங்கட்கிழமை ரிப்போர்ட்டின் அதே கதை.

முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் வருவார். அவர் வந்து உட்கார்ந்ததும் மேனேஜர் ரூமுக்குள் போனேன். இரண்டு டம்ளர், ஒரு சின்ன ஆசிட் பாட்டில், லேப் கண்ணாடி, கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு. அண்ணாவுக்கு நானே போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். அவர் வாசலோரமாக நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நானே ஒரு நாற்காலியை இழுத்து, "உக்காருங்கண்ணா" என்றேன். "இருக்கட்டுங்க மேடம்" என்று நின்றுகொண்டேயிருந்தார்.

இரண்டு டம்ளரிலும் வெண்மையான குழாய்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டேன். மிச்சமிருந்த சுண்ணாம்பால் கொஞ்சம் பொங்கியது, மெல்லத் தெளிந்தது. சோதனை நம்பர்களைக் காட்டினேன். நிக்கல் ரிசல்ட்டைக் காட்டினேன். சுண்ணாம்பு போட்டிருக்கிறார், தப்பு பாட்டிலில், அந்தப் பாட்டில் என்னுடையது என்று சொன்னேன்.

முதலாளி மெல்லத் தலையாட்டினார். "அப்ப சுண்ணாம்பு போட்டிருக்கறாருன்னு சொல்றீங்க."

"போட்டிருக்காருங்க."

மேனேஜர் விடுவாரா? "அதெல்லாம் சரிங்க மேடம். ஆனா பொடி கொழா வரைக்கும் வந்திருக்குதில்லீங்க? மணலு போயிருந்தா இவன் சொல்லிருக்கோணுமில்ல? சொன்னானா? வாயைத் தொறந்தானா?" அண்ணாவைப் பார்த்து, "ஏப்பா, சொன்னியா நீ?" என்றார்.

அடப்பாவி, இந்த வழியாகவும் பிடிக்கப் பார்க்கிறானே என்று எனக்குத் தலைக்கேறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணா பேசினார்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

மேனேஜர் அசையவில்லை. முதலாளி, "குடுப்பா" என்றார். அலமாரி திறந்தது. அண்ணா நோட்டை வாங்கி, எச்சில் தொட்டு, நிதானமாகப் பக்கம் புரட்டினார். ஒரு பக்கத்தை முதலாளி முன்னால் வைத்து விரலால் காட்டினார். இன்னொரு பக்கம். இன்னொன்று. மூன்று மாதத்தில் மூன்று இடத்தில் அதே வரி இருந்தது: ஃபில்டரில் வெள்ளையாக வருகிறது, மணல் மாற்ற வேண்டும். மூன்று பக்கத்திலும் அடியில் மேனேஜரின் கையெழுத்து, பார்த்தேன் என்று அர்த்தம்.

"நாஞ் சொல்லிப்போட்டனுங்க. எழுதியும் போட்டனுங்க. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கறீங்க" என்றார். குரலில் சூடு இல்லை. எனக்கிருந்த சூடு இருவருக்கும் போதுமாக இருந்தது.

"அப்புறம் ஏனுங்க அந்தக் கடுதாசில கையெழுத்துப் போட்டீங்க?" என்று முதலாளி கேட்டார். 'ங்க' போட்டுத்தான் கேட்டார்.

"போடாட்டி வேலை போயிருமுன்னாங்க. வேலை பாத்தேனு நாஞ் சொன்னா நம்பல. தூங்கினேனு எழுதித் தந்தா நம்பறாங்க. நானென்னங்க பண்ணறது?"

நான் மேனேஜரை முறைத்தேன். அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். நன்றாக வேண்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். எழுதியிருக்கிறதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவாயாம், பிறகு எழுதினவன் வாயைத் திறக்கவில்லை என்பாயாம். எழுத்தில் ஒரு மனுஷன் கத்திக்கொண்டே இருந்திருக்கிறான், மூன்று மாதமாக! உனக்கெல்லாம் கண் எதற்கு?

முதலாளி கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். மணலை உடனே மாற்றச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். டம்ளரையெல்லாம் எடுத்து வைக்கப் போனேன்.

அண்ணா நோட்டை மூடவில்லை. கடைசியாக எழுதிய பக்கத்தைத் திருப்பி, என் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் பாத்துப்போடுங்க மேடம்."

சாம்பிள் பிடித்த நாள். நீல மையில், கோடு தப்பாமல், அவர் கையெழுத்தில் இருந்தது: "மேடம் குடுத்த பாட்டிலில் தண்ணி புடித்தேன். உள்ளே ஆசிட் வாசம். புடித்ததும் பொங்கியது. வெள்ளைத் தண்ணி தெளிந்து போய்விட்டது. ஏன் என்று மேடத்தைக் கேட்க வேண்டும்."

நான் நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த விஷயம், மூன்று வரியில். மூன்றாவது நிமிஷமே அவர் பார்த்துவிட்டார். பார்த்து, எழுதி, என்னைக் கேட்பதற்காகக் காத்திருந்திருக்கிறார். மேனேஜருடைய கையெழுத்து அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் லேப் என்று போட்ட கட்டத்தில், பச்சை மையில், அன்றைய தேதியோடு என்னுடைய கையெழுத்து இருந்தது.